‘மாடுகள் மேய்கிறது’ என்று எழுதினால் குற்றமா? ஐயாவின் கடிதமும் அதன்மேல் ஒரு சண்டையும்

நெல்மூட்டை | 2024 ஜூலை 8, இரவு 9.12

கல்லூரி ஆண்டுமலருக்கு ஒரு கதை கொடுத்தேன். 11 இடத்தில் சிவப்பு மையில் சுழித்துத் திரும்பி வந்தது. அதில் 7 இடம் ஒரே வகை: ‘மாடுகள் மேய்கிறது’, ‘இலைகள் உதிர்ந்தது’, ‘வண்டிகள் நின்றது’. அடியில் ‘அடிப்படை இலக்கணம் தெரிந்துகொண்டு எழுதவும்’ என்று ஒரு வரி. அதற்குப் பிறகு எதை எழுத உட்கார்ந்தாலும் வினைச்சொல் வந்தவுடன் கை நின்றுவிடுகிறது. பள்ளியில் தமிழ் எடுத்த ஐயாவுக்குக் கடிதம் போட்டேன். அவர் பதிலைத் தட்டச்சு செய்து போடுகிறேன். படித்தால் நிம்மதியாக இருக்கிறது, ஆனால் கடைசியில் நான் என்ன எழுதுவது என்று புரியவில்லை.

> உன் கடிதம் வந்தது. ‘இலக்கணம் தெரியாதவள் எழுதலாமா’ என்று கேட்டிருக்கிறாய். உனக்கு இலக்கணம் தெரியாது என்று யார் சொன்னது? ‘மாடு மேய்ந்தாள்’ என்று நீ தூக்கத்தில்கூட எழுத மாட்டாய். அதை உனக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. ‘மாடுகள் மேய்கின்றன’ என்பது வேறு சாதி. அதை உன் வகுப்பில் நின்று நான் சொல்லித்தந்தேன். சொல்லித்தர வேண்டியிருந்தது, ஏனென்றால் நம் பேச்சில் அது இல்லை. ஒரு மாடானாலும் ‘மேயுது’, பத்து மாடானாலும் ‘மேயுது’தான். பேச்சில் அஃறிணை வினைக்குப் பன்மையே கிடையாது.
>
> ஆக இலக்கணம் என்ற ஒரே பெயரில் இரண்டு வேலை நடக்கிறது. ஊர் எப்படிப் பேசுகிறது என்று பார்த்துச் சொல்வது ஒன்று. இப்படித்தான் எழுத வேண்டும் என்று விதிப்பது இன்னொன்று. தொல்காப்பியர் இரண்டையும் குழப்பிக்கொள்ளவில்லை. கிளவியாக்கத்தில் இந்த நூற்பாவைப் பார்:
>
> ஒருவரைக் கூறும் பன்மைக் கிளவியும்
> ஒன்றனைக் கூறும் பன்மைக் கிளவியும்
> வழக்கினாகிய உயர்சொல் கிளவி
> இலக்கண மருங்கின் சொல்லாறு அல்ல.
>
> ஒரே ஆளை ‘அவர் வந்தார்’ என்று பன்மையில் சொல்கிறார்கள். மரியாதைக்காக வழக்கில் வந்துவிட்டது. இலக்கணப்படி பார்த்தால் அது முறை இல்லை. இவ்வளவுதான் சொல்கிறார். தடை போடவில்லை, மறைக்கவும் இல்லை. இன்றைக்கு ‘ஐயா வந்தான்’ என்று நீ எழுதினால்தான் உதை விழும். அன்றைக்கு விதிக்கு வெளியே நின்ற பேச்சுதான் இன்றைக்கு விதி.
>
> உன் கதைக்கு வருவோம். கதை சொல்பவரின் வாக்கியங்களில் ‘மேய்கின்றன’ என்று மாற்றிவிடு. பாத்திரம் பேசும் வரிகளில் கைவைக்காதே. பேச்சை எழுதியதற்காக யாராவது சுழித்தால், அது குற்றம் அல்ல என்று நான் சொன்னதாகச் சொல்.

---

கறார் | ஜூலை 8, இரவு 10.05

ஐயா மனசு பெரிசு, ஆனா தவறா வழிகாட்டுறார். பன்மைன்னா ‘கள்’ போடணும், வினையும் பன்மையில வரணும். தொல்காப்பியத்திலேயே ‘கள்ளொடு சிவணும்’னு இருக்கு. 2000 வருஷமா மாறாத விதி. ‘பத்து மரம்’னு எழுதுறதும் பிழை, ‘பத்து மரங்கள்’தான் சரி. ஆண்டுமலர்க்காரர் சுழிச்சது நியாயம்.

---

குரூப்4_கனவு | ஜூலை 8, இரவு 10.31

ஒருமை பன்மை பிழை நீக்குதல் எனக்கும் சிலபஸ்ல இருக்கு. ‘மாடுகள் மேய்ந்தது’, ‘மாடுகள் மேய்ந்தன’, ‘மாடு மேய்ந்தன’, ‘மாடுகள் மேய்ந்தனர்’. இதுல எது விடை? யாராவது ஒரே வரியில சொல்லுங்க.

---

வழுவமைதி | ஜூலை 9, காலை 6.48

குரூப்4 தம்பி, தேர்வில் இரண்டாவதைக் குறியுங்கள். ஆனால் மூன்றாவதும் சரி. அதைச் சொல்லத்தான் விடிந்ததும் வந்தேன்.

கறார் சொல்லும் நூற்பாவை முழுசாகப் படிக்க வேண்டும்: ‘கள்ளொடு சிவணும் அவ்வியற் பெயரே, கொள்வழி உடைய பலஅறி சொற்கே.’ கள் கொள்ளும் இடம் உண்டு என்கிறது. கொண்டே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. அதே பெயரியலில் இன்னொன்று: ‘தெரிநிலை உடைய அஃறிணை இயற்பெயர், ஒருமையும் பன்மையும் வினையொடு வரினே.’ அஃறிணைப் பெயர் வெறுமனே நிற்கும், ஒன்றா பலவா என்று வினை காட்டிக்கொடுக்கும். ‘மாடு மேய்ந்தது’ என்றால் ஒன்று. ‘மாடு மேய்ந்தன’ என்றால் பல. பெயரில் கள் இல்லாமலே பன்மை கச்சிதமாகத் தெரிகிறது. ‘பத்து மரம்’ பிழை என்று தொல்காப்பியத்தைக் காட்டிச் சொல்ல முடியாது.

இன்னொரு விஷயம். அந்தக் கள் அஃறிணைக்கு மட்டும்தான். மனிதர்களுக்குப் பன்மை ‘அவர்’ என்பதே. ‘அவர்கள்’ என்றால் பன்மைமேல் பன்மை. தொல்காப்பிய விதியை மாறாமல் பிடிப்பதென்றால் ‘மாணவர்கள் வந்தார்கள்’ என்ற வாக்கியத்தில் கள் இரண்டு தடவை தப்பு. பெயரில் ஒன்று, வினையில் ஒன்று.

---

கறார் | ஜூலை 9, காலை 8.20

அப்ப வள்ளுவர் தப்பா எழுதினாரா? 263ஆம் குறள்ல ‘மற்றை யவர்கள் தவம்’னு வருதே.

---

வழுவமைதி | ஜூலை 9, காலை 8.41

நான் எடுக்க இருந்ததை நீங்களே எடுத்துத் தந்துவிட்டீர்கள். 919இல் ‘பூரியர்கள் ஆழும் அளறு’ என்றும் வருகிறது. தொல்காப்பியர் அஃறிணைக்கு வைத்த கள், குறளில் மனிதர்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தியார் நன்னூல் எழுதும்போது பல்லோர் பெயர்களில் கள் ஈற்றையும் சேர்த்துக்கொண்டார். ஆகவே மாறாத விதி என்பது இந்தக் கள் விஷயத்தில் நிற்காது.

அவரும் எல்லாவற்றையும் சேர்க்கவில்லை. நன்னூலில் முன்னிலைப் பன்மைப் பெயர்கள் எல்லீர், நீயிர், நீவிர், நீர் என்று முடிகின்றன. ‘நீங்கள்’ அங்கே கிடையாது. தன்மையில் ‘நாங்கள்’ கிடையாது. தினமும் நாம் எழுதும் இரண்டு சொல்.

---

கறார் | ஜூலை 9, காலை 9.02

குறள்ல தளைக்காகப் போட்டிருப்பார். செய்யுளுக்கு விலக்கு உண்டு.

---

வழுவமைதி | ஜூலை 9, காலை 9.30

263இல் அப்படி வாதம் செய்ய இடம் இருக்கிறது. ‘மற்றை / யவர்கள் / தவம்’ என்ற ஈற்றடியில் கள்ளை எடுத்துவிட்டால் ஒரு அசை குறைந்து ஓசை நொண்டும். ஆனால் ஊரில் யார் வாயிலும் இல்லாத உருவத்தை ஓசைக்காக மட்டும் ஒருவர் கண்டுபிடித்து வைப்பாரா? எனக்கு நம்பிக்கை இல்லை. இதை இங்கே தீர்க்க முடியாது, விடுங்கள்.

---

பனங்கிழங்கு | ஜூலை 9, பகல் 1.15

கடிதத்திலை ஒரு பிழை இருக்கு, ஒருத்தரும் பிடிக்கேல்லை. பேச்சிலை அஃறிணை வினைக்குப் பன்மை இல்லை எண்டு வாத்தியார் எழுதியிருக்கிறார். யாழ்ப்பாணத்திலை ‘மாடுகள் மேயுதுகள்’ எண்டுதான் நாங்கள் சொல்லுறது. ‘பிள்ளையள் விளையாடுதுகள்’. ஒரு மாடெண்டால் ‘மேயுது’. பன்மை வடிவாய் இருக்கு.

இன்னொரு புதினம்: எங்கடை பேச்சிலை ‘அவை வந்தவை’ எண்டால் ஆக்கள் வந்தது. உங்கடை புத்தகத்திலை ‘அவை’ அஃறிணைப் பன்மை. தங்கச்சி அந்த விதியைப் பிடிச்சுக்கொண்டு எங்கடை ஊருக்கு வந்தால் சனத்தை மாடாக்கிப் போடுவா.

---

நெல்மூட்டை | ஜூலை 9, பகல் 1.40

அட, ஆமா அண்ணா! எங்க ஊர்லயும் ‘மாடுங்க மேயுதுங்க’ன்னு சொல்றாங்க. ‘கோழிங்க கத்துதுங்க’. எப்பவும் இல்ல. ‘மாடுங்க மேயுது’ன்னும் சொல்வாங்க. ஐயா சொன்னதும் நான் அப்படியே தலையாட்டிட்டேன்.

---

வழுவமைதி | ஜூலை 9, மாலை 5.10

பனங்கிழங்கு பிடித்தது பெரிய மீன். என்ன நடந்திருக்கிறது பாருங்கள். பழைய பன்மை ‘மேய்ந்தன’வில் உள்ள ‘அன’. பேச்சில் அது உதிர்ந்துவிட்டது. உதிர்ந்த இடத்தைப் பேச்சு சும்மா விடவில்லை. பெயரில் இருந்த கள்ளை எடுத்து வினையின் வாலில் ஒட்டிக்கொண்டது. மேயுது + கள். அங்கே ‘மேயுதுகள்’, இங்கே ‘மேயுதுங்க’.

‘வந்தார்கள்’ உண்டானதும் இதே வழிதான். வந்தார் + கள். வினைமேல் கள் ஏறிய இரண்டு உருவங்களில் ஒன்று பாடப்புத்தகத்துக்குள் போய்விட்டது, மற்றது மாட்டுக்கொட்டகையில் நிற்கிறது. மொழியமைப்பில் இரண்டுக்கும் பேதம் இல்லை. முதலாவது மனிதரைப் பற்றியது, மரியாதையோடு சேர்ந்தது, எழுதுகிறவர்கள் கைக்குப் போனது. இரண்டாவது ஆடு மாடு குழந்தையைப் பற்றியது, வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டது. பேசுவதைப் பார்த்து எழுதுகிற இலக்கணக்காரர் இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதுவார். விதிக்கிறவர் ஒன்றுக்கு மதிப்பெண் போட்டு மற்றதைச் சுழிப்பார்.

---

மெய்ப்புக்காரன் | ஜூலை 9, இரவு 8.55

தத்துவம் போதும், வேலைக்கு வருகிறேன். மெய்ப்பில் நான் பார்ப்பதில் பாதி இந்த வகைதான். ஆனால் ‘மேய்கிறது’ என்று எழுதுகிறவர்களைவிட, சுழி வாங்கிப் பயந்துபோய் எல்லா இடத்திலும் ‘கின்றன’ போடுகிறவர்களால்தான் அதிகத் தொல்லை. அதிலிருந்து தங்கைக்கு எச்சரிக்கை.

வினையில் நின்று பின்னோக்கிப் பாருங்கள். ‘எது?’ என்று கேட்டு வருகிற ஒரே சொல்லைப் பிடியுங்கள். பக்கத்தில் நிற்கும் பெயரைப் பிடிக்காதீர்கள். ‘கூட்டமாக வந்த மாடுகளில் ஒன்று தண்ணீர் குடித்தன’ என்று எழுதி வருகிறது. குடித்தது எது? ஒன்று. அப்புறம் எப்படிக் ‘குடித்தன’? ‘மாடுகளின் கூட்டம் சாலையைக் கடந்தன’ என்பதும் அப்படியே. கடந்தது கூட்டம்.

‘ஒவ்வொரு’ வந்தால் வினை ஒருமை. ‘ஒவ்வொரு மாடும் தன் கன்றைத் தேடியது.’ பத்து மாடு மனக்கண்ணில் நிற்பதால் கை ‘தேடின’ என்று ஓடும். விடாதீர்கள்.

அளவும் பணமும் வந்தால் மொத்தம் ஒன்றாகப் போகும். ‘பையில் 50 ரூபாய் இருக்கிறது’, ‘5 கிலோ அரிசி மிஞ்சியது’. இங்கே ‘ரூபாய்கள் இருக்கின்றன’ என்று திருத்தினால் எண்ணெய்க் கடையில் வகுப்பெடுப்பது போல இருக்கும். ஆனால் நாணயங்களையே எண்ணுகிற இடமென்றால் ‘மூன்று நாணயங்கள் உருண்டன’தான்.

கடைசியாக ‘ன’, ‘னர்’. ‘மாணவர்கள் வந்தன’ என்று தட்டச்சில் ஒரு ‘ர்’ விழுந்தால் மாணவர்கள் அஃறிணை ஆகிவிடுவார்கள். ‘மக்கள்’ என்றாலும் வந்தனர்தான். இதை நானே அச்சுக்குப் போகவிட்டிருக்கிறேன், சொல்லிக்கொள்ளும் பெருமை இல்லை.

---

கறார் | ஜூலை 9, இரவு 9.20

மெய்ப்புக்காரர் பேசுறதுதான் பேச்சு. சரி, நான் ஒண்ணு பிடிக்கிறேன். ஐயாவோட கடிதத்தின் கடைசி வரி: ‘அது குற்றம் அல்ல’. அது ஒருமை. ‘அது குற்றம் அன்று’ன்னு இருக்கணும். ‘அல்ல’ பன்மை, ‘அவை குற்றங்கள் அல்ல’ன்னாதான் வரும். ஒருமை பன்மைக்குப் புத்தி சொல்ற கடிதத்திலேயே ஒருமை பன்மைப் பிழை!

---

நெல்மூட்டை | ஜூலை 9, இரவு 9.24

😂 ஐயாவுக்கு அனுப்பட்டுமா?

---

வழுவமைதி | ஜூலை 9, இரவு 10.15

அனுப்பம்மா. கறார் சொன்னது நூற்றுக்கு நூறு சரி, விதிப்படி.

எவ்வளவு சரி என்பதற்கு நன்னூலின் 462ஆம் சூத்திரத்தையே காட்டலாம். ‘பழையன கழிதலும் புதியன புகுதலும் வழுவல கால வகையினானே.’ மேடைக்கு மேடை ‘எதை வேண்டுமானாலும் எழுதலாம்’ என்பதற்குச் சாட்சியாக இழுக்கும் வரி. அதில் ‘வழுவல’ என்பது ‘வழு அல்ல’. கழிதல் ஒன்று, புகுதல் ஒன்று, இரண்டு ஆனதால் ‘அல’ என்று பன்மை போட்டிருக்கிறார். ஒன்றாக இருந்தால் ‘வழுவன்று’ என்று எழுதியிருப்பார். விதி மாறும் என்று சொல்கிற வாக்கியத்தைக்கூட விதி பிசகாமல் எழுதிய மனிதர் அவர்.

ஆனால் இன்னொரு பக்கம் இருக்கிறது. ‘உண்டு’ என்ற சொல்லைப் பாருங்கள். பழைய கணக்கில் அது அஃறிணை ஒருமைக்கு உரியது. எல்லா இடத்துக்கும் எல்லாப் பாலுக்கும் பொதுவான வினைகளைத் தொல்காப்பியர் அடுக்கும்போது இன்மையும் வேறும் இருக்கின்றன, உண்டு இல்லை. நன்னூலுக்கு வாருங்கள்: ‘வேறு இல்லை உண்டு ஐம்பால் மூவிடத்தன.’ நடுவில் மக்கள் ‘அவர் உண்டு, அவை உண்டு, நான் உண்டு’ என்று பேசி எழுதித் தீர்த்திருக்கிறார்கள். பவணந்தியார் பார்த்தார், பட்டியலில் சேர்த்தார்.

‘அல்ல’ இப்போது அதே சாலையில் பாதி தூரம் வந்துவிட்டது. அன்று, அல்லன், அல்லள், அல்லர் எல்லாவற்றின் வேலையையும் அது ஒன்றே பார்க்கிறது. இந்த இழையிலேயே யாராவது இயல்பாக ‘அன்று’ எழுதியிருக்கிறீர்களா?

---

மெய்ப்புக்காரன் | ஜூலை 9, இரவு 10.40

நான் ‘அன்று’ என்று திருத்தினால், ‘அன்றைய தினம்’ என்று படித்துக் குழம்பி எழுதியவரே திரும்ப மாற்றி அனுப்புகிறார். ‘அது குற்றம் அன்று நடந்தது’ என்று தொடங்குகிறதோ என்று கண் தடுக்குகிறது. அதனால் கட்டுரையில் ‘அல்ல’வை விட்டுவிடுகிறேன். பாடநூல் வந்தால் ‘அன்று’. இதற்கு நியாயம் கேட்டால் என்னிடம் இல்லை.

---

குரூப்4_கனவு | ஜூலை 10, காலை 7.05

அண்ணா, அப்ப ‘மாடு மேய்ந்தன’வும் சரின்னா ரெண்டு விடை வருதே? ஆட்சேபம் போடலாமா?

---

வழுவமைதி | ஜூலை 10, காலை 7.30

கேள்வித்தாளில் ‘மாடுகள்’ என்றே கொடுத்திருந்தால் ஆட்சேபத்துக்கு இடமில்லை, தம்பி. முதலில் கேள்வியைப் பாருங்கள்.

---

நெல்மூட்டை | ஜூலை 10, மாலை 6.20

ஐயாவிடமிருந்து சேதி வந்தது. ‘பேச்சில் பன்மையே கிடையாது’ என்ற வரியை அடித்துவிடச் சொன்னார். ‘மேயுதுங்க’வைத் தன் வீட்டுத் திண்ணையிலேயே கேட்டுக்கொண்டு இருந்துவிட்டு அப்படி எழுதியதற்கு வெட்கப்படுவதாகவும் சொன்னார். ‘அல்ல’வை மட்டும் அடிக்க மாட்டாராம்.

ஆனால் இப்போது எனக்கு வேறு சிக்கல். கதை சொல்பவரின் வாக்கியத்தை மாற்று, பாத்திரப் பேச்சை விடு என்கிறார். என் கதையில் சொல்பவனே மாடு மேய்க்கிற பையன். முதல் வரியிலிருந்து ‘நான்’தான். அவன் ‘மேய்கின்றன’ என்று சொல்வானா?

---

மெய்ப்புக்காரன் | ஜூலை 10, இரவு 7.45

இதை முதலிலேயே சொல்லியிருந்தால் பாதி இழை மிச்சமாகியிருக்கும். ஒரு பத்தி போடுங்கள், பார்க்கலாம்.

---

நெல்மூட்டை | ஜூலை 10, இரவு 7.58

> ஏரிக்கரையில் மாடுகள் மேய்கிறது. நான் புளியமரத்தடியில் படுத்திருக்கிறேன். இலைகள் உதிர்ந்தது. ஒவ்வொன்றும் என் மேலேதான் விழுகிறது.

---

மெய்ப்புக்காரன் | ஜூலை 10, இரவு 8.30

இப்போது தெரிகிறது. பிரச்சினை ‘கிறது’வில் இல்லை, ‘மாடுகள் மேய்கிறது’ என்ற சேர்க்கையில் இருக்கிறது. அதை யாருமே பேசுவதில்லை. பையன் பேசினால் ‘மாடு மேயுது’, ‘மாடுங்க மேயுது’ அல்லது ‘மாடுங்க மேயுதுங்க’. புத்தகம் பேசினால் ‘மாடுகள் மேய்கின்றன’. நீங்கள் எழுதியதில் ‘கள்’ளும் ‘கிறது’வும் புத்தக உடுப்பு, ஒருமை மட்டும் பையனுடையது. சுழித்தவருக்கு உறுத்தியது அதுதான், அவர் அதை ‘அடிப்படை இலக்கணம்’ என்று எழுதிவிட்டார்.

எழுத்து நடையை விடாமல் பையனின் வாயையும் காப்பாற்ற வேண்டுமென்றால் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். கள்ளை எடுத்துவிடுங்கள். ‘ஏரிக்கரையில் மாடு மேய்கிறது.’ ‘இலை உதிர்ந்தது.’ ஒருவருக்கும் உறுத்தாது. கடைசி வரி ‘ஒவ்வொன்றும்… விழுகிறது’ ஏற்கெனவே சரி, அதைப் பயந்து மாற்றிவிடாதீர்கள்.

---

வழுவமைதி | ஜூலை 10, இரவு 8.52

ஒரு இழப்பு உண்டு. ‘மாடு மேய்கிறது’ என்றால் ஒரே மாடு என்றும் படிக்கலாம். தொல்காப்பியர் காலத்தில் வினை அதைத் தீர்த்துவைத்தது. இந்த நடையில் வினையும் கைவிட்டுவிடும். எத்தனை மாடு என்பது கதைக்கு முக்கியமா?

---

நெல்மூட்டை | ஜூலை 10, இரவு 9.10

முக்கியம். எட்டு மாடு, சாயங்காலம் ஏழுதான் திரும்புது. கதையே அதுதான்.

---

மெய்ப்புக்காரன் | ஜூலை 10, இரவு 9.14

அப்படியானால் ‘ஏரிக்கரையில் எட்டு மாடும் மேய்கிறது’ என்று ஆரம்பியுங்கள். எண் வந்துவிட்டால் கள் தேவையில்லை. முடிவில் ‘ஏழு மாடுதான் வந்தது’.

---

கறார் | ஜூலை 10, இரவு 9.31

‘எட்டு மாடும் மேய்கிறது’க்கு நான் மதிப்பெண் குறைப்பேன். ‘ஏழு மாடுதான் வந்தது’… அதை யோசிக்கணும். நாளைக்குச் சொல்றேன்.

---

பனங்கிழங்கு | ஜூலை 10, இரவு 10.02

எட்டாவது மாட்டுக்கு என்ன நடந்தது, தங்கச்சி?